நேர் மாவா, ஸ்பாஞ்சா? ஒரே ஓவனில் இரண்டு லோடு பிரெட்

கோபிப் பக்கம் டீக்கடையோடு சேர்ந்த சின்ன பேக்கரிகளில் பெரும்பாலும் ஓவன் ஒன்றுதான். எங்களுடையது ஒரு தடவைக்கு 20 டின் பிடிக்கும். பத்து கிலோ மைதா பிசைந்தால் தண்ணீர், சர்க்கரை, டால்டா எல்லாம் சேர்த்து 17 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக மாவு வரும். 400 கிராம் பிரெட்டுக்கு 450 கிராம் உருண்டை வெட்டுகிறோம், வேகும்போது ஈரம் போய்விடும் என்பதால். அப்படி வெட்டினால் 37 உருண்டை. கண் மதிப்பில் வெட்டி உருண்டைக்கு 20 கிராம் கூடிப்போனால் ஒன்றரை பிரெட் மாவு காணாமல் போகும். எந்த முறையானாலும் தராசு அவசியம்.

முறை மாறும்போது மாறுவது மாவு காத்திருக்கும் திறன். நேர் மாவில் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு, 120 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்டோடு பிசைகிறோம். ஒரு மணி நேரம் ஊறவிட்டு வெட்டி, டின்னில் இன்னொரு மணி நேரம். சித்திரை மாதத்தில் இது முக்கால் மணியிலேயே முடிந்துவிடும். முதல் 20 டின் உள்ளே போய் வெந்து வர 40 நிமிடம். வெளியே நிற்கும் 17 டின் அதற்குள் எல்லை தாண்டிவிடும். "ரெண்டாவது லோடு மட்டும் அமுங்கிப்போகுதுங்க" என்று மாஸ்டர் சொன்னபோது ஓவனைத்தான் சந்தேகப்பட்டேன். விரலால் அழுத்திப் பார்த்த பிறகு புரிந்தது: குழி மெல்ல மேலே வந்தால் பதம், அப்படியே நின்றால் தாண்டிவிட்டது. வெந்தபின் பக்கங்கள் உள்வாங்கும், மேல் தோலுக்கடியில் பெரிய ஓட்டை விழும்.

ஸ்பாஞ்ச் முறையில் ஆறு கிலோ மைதாவை 50 கிராம் ஈஸ்டோடு நாலு மணி நேரம் முன்பே கரைத்து வைத்து, பிறகு மீதியைச் சேர்த்துப் பிசைய வேண்டும். விடியற்காலை பிரெட்டுக்கு ராத்திரியே ஆள் வேண்டும், பாத்திரமும் இடமும் வேண்டும். ஆனால் ஈஸ்ட் குறைவு, மாவும் பக்குவப்பட்டிருக்கும், அதனால் டின்னில் கூடுதலாகக் கொஞ்ச நேரம் நின்றாலும் சரியாது. பிரெட்டும் மறுநாள் வரை மெத்தென்றிருக்கும்.

கெடாமல் இருக்கும் நாளில் மட்டும் ஸ்பாஞ்சுக்குப் பெரிய சலுகை கிடையாது. பூஞ்சை வருவது பெரும்பாலும் சூடு ஆறாமல் கவரில் போட்டதால். உள்ளே ஆவி வியர்த்தால் இரண்டே நாளில் பச்சை தட்டும். கேக்கில் சர்க்கரை ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் சாதா கேக் பிரெட்டைவிடத் தாங்கும். ஆனால் கலக்கிய கேக் மாவைக் காக்க வைக்கக் கூடாது. ஆகவே இரண்டாவது லோடு பிரெட் ஓவனுக்குள் போன பிறகே கேக் மாவைக் கலக்குகிறோம். பிரெட் வெளியே வந்ததும் 210 டிகிரியிலிருந்து 180க்கு இறக்கி டின்களை ஏற்றுவோம்.

ராத்திரி ஆள் கிடைத்தால் நான் ஸ்பாஞ்சைத்தான் எடுப்பேன். கிடைக்காத நாளில் நேர் மாவை ஐந்தைந்து கிலோவாக, 40 நிமிட இடைவெளியில், ஐஸ் தண்ணீர் ஊற்றிப் பிசைகிறோம். இப்போது இரண்டாவது லோடு அமுங்குவதில்லை.