மந்திரக் கொடியா, சாலையோரச் சிற்றாலயமா: படத்தின் இடத்தை எது காட்டும்?

மலைக் கணவாயில் எடுத்த படத்தில் நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்ற வரிசையில் மந்திரம் அச்சிட்ட துணிக்கொடிகள் தெரிந்தால், அது திபெத்திய பௌத்தப் பண்பாட்டைச் சுட்டுமே தவிர, லடாக்கா நேபாளமா என்று பிரித்துச் சொல்லாது. மலையேறிகள் அவற்றை வேறு நாடுகளிலும் கட்டிவிடுகிறார்கள். வெயிலில் சாயமும் வெளுத்துவிடும். உயர்ந்த கம்பங்களில் நெடுக்காகக் கட்டிய வெள்ளைக் கொடிகள் கூட்டமாக நின்றால் மட்டும் பூட்டானை முதலில் எண்ணலாம்.

சிற்றாலயமோ நாட்டையே நெருங்கிக் காட்டும். ஒற்றைக் காலில் நிற்கும் தகரப்பெட்டி, அதன் கண்ணாடிக்குள் எண்ணெய் விளக்கும் புனிதர் படமும் என்றால் பெரும்பாலும் கிரேக்கம். சுற்றிலும் சிவப்புத் துணிகள் பறந்தால் கௌச்சிட்டோ ஹில் என்ற நாட்டார் புனிதரை வணங்கும் அர்ஜென்டினா. தண்ணீர்ப் புட்டிகள் குவிந்திருந்தால் அதே நாட்டின் இன்னொரு நாட்டார் புனிதையான திஃபுந்தா கொரேயாவின் வழிபாடு, ஆனால் அது சிலியிலும் உண்டு. வெறும் சிலுவை பல நாடுகளுக்கும் பொது.

பண்பாட்டு வட்டத்தை அறியக் கொடி போதும். நாட்டைக் குறிக்க வேண்டுமானால் சிற்றாலயத்தின் உட்புறத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.