தக்காளி வாடி நிற்கிறது: தண்ணீர் கூடியதாலா, குறைந்ததாலா? போட்டோவில் எதைப் பார்ப்பது

ஐப்பசி கார்த்திகையில் நாலு நாள் அடைமழை விட்டு வெயில் அடித்தவுடன், வாடிய தக்காளிச் செடியின் படங்கள் வாட்ஸ்அப்பில் வர ஆரம்பிக்கும். சித்திரையில் வரும் படங்களையும் இவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முதல் பார்வைக்கு ரெண்டும் ஒன்றுதான், தொங்கும் இலை, மஞ்சள். யாராவது ஒருவர் "தண்ணி பத்தலைங்க, விடுங்க" என்று பதில் போட்டுவிடுவார். ஏற்கனவே மூச்சு முட்டிக் கிடக்கும் வேருக்கு அது போதும், செடி முடிந்தது.

ரெண்டும் ஒரே மாதிரி தெரிவதற்குக் காரணம் இருக்கிறது. மண் துளைகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் வேருக்குக் காற்று கிடைக்காது. காற்றில்லாத வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால் தண்ணீரில் நின்றுகொண்டே செடி தாகத்தில் வாடும். மேகம் மூடியிருக்கும்வரை இலையிலிருந்து ஆவியாவது குறைவு, அதனால் ஒன்றும் தெரியாது. வெயில் வந்த அன்றுதான் குட்டு வெளிப்படும். மழை பெய்தபோது நன்றாக இருந்த செடி மழை விட்ட பிறகு ஏன் வாடுகிறது என்று குழம்புவது இதனால்தான்.

இலை சுருண்டிருப்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். தக்காளியின் அடியிலை வறட்சியிலும் மேல்நோக்கிச் சுருளும், ஈரம் கூடினாலும் சுருளும். அதைவிட இலைக்காம்பைப் பாருங்கள். வறட்சியில் காம்பும் சிற்றிலைகளும் சேர்ந்து துவண்டுவிடும், விரலால் தூக்கிவிட்டால் தொய்ந்து விழும். தண்ணீர் தேங்கிய செடியில் காம்பு விறைப்பாகவே இருக்கும், ஆனால் கீழ்நோக்கி வளைந்திருக்கும். தூக்கிவிட்டால் ஸ்பிரிங் போலத் திரும்பவும் கீழே போகும். காற்றில்லாத வேரில் உருவாகும் ஒரு பொருள் மேலே ஏறி இலையில் எத்திலீனாக மாறுகிறது. காம்பின் மேல்பக்கம் அதனால் வேகமாக வளர்ந்து, காம்பைக் கீழே வளைத்துவிடுகிறது. இந்த வளைவு தேங்கிய ஓரிரு நாளிலேயே வந்துவிடும், பக்கவாட்டில் நின்று எடுத்த படத்தில் நன்றாகத் தெரியும். மேலிருந்து எடுத்த படத்தில் ஒன்றும் தெரியாது, ஆனால் பத்துப் பேரில் எட்டுப் பேர் மேலிருந்துதான் எடுத்து அனுப்புகிறார்கள்!

அப்புறம் மஞ்சள். தண்ணீர் தேங்கினால் அடியிலைகள் முதலில், முழு இலையும் ஒரே சீராக வெளுத்து மஞ்சளாகும், தொட்டால் மெத்தென்று இருக்கும். மண்ணில் இருந்த தழைச்சத்து மழையில் கரைந்து போவதும், காற்றில்லாத மண்ணில் வாயுவாகி வெளியேறுவதும், வேர் வேலை செய்யாததும் சேர்ந்த விளைவு இது. வறட்சியில் மஞ்சள் பிறகுதான் வரும். முதலில் செடி முழுக்கப் பளபளப்பு போய், சாம்பல் பூத்த பச்சையாகத் தெரியும். அடியிலை ஓரம் கருகி நொறுங்கும்.

சரி, எனக்கு ஒரே ஒரு படம்தான் அனுப்ப முடியும் என்றால் எதைக் கேட்பேன்? இலையை அல்ல, தண்டு மண்ணைத் தொடும் இடத்தை. தேங்கி நின்ற தக்காளியில் தண்டின் அடியில் வெள்ளை வெள்ளையாக மொட்டுப் புடைப்பு வந்து, சில நாளில் புது வேராக நீளும். அடிவேர் செத்துக்கொண்டிருப்பதால் செடி மேலே வேறு வழி தேடுகிறது. வறட்சிச் செடியில் இது கிடையாது. அதே படத்தில் மண்ணும் விழும்: பாசி பிடித்து வழுவழுவென்று இருக்கிறதா, வெடிப்பு விட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம். மேல்மண் காய்ந்திருந்தால் மட்டும் ஏமாந்துவிடக் கூடாது. களிமண் நிலத்தில் மேலே தூசி பறக்கும்போதும் விரல் ஆழத்துக்குக் கீழே சேறு இருக்கும்.

படம் எடுத்த நேரமும் முக்கியம். மதியம் ரெண்டு மணிக்கு எடுத்த படத்தில் நன்றாக இருக்கும் செடிகூட வாடித் தெரியும். விடிந்ததும் எடுத்தால் ஆரம்ப வறட்சிச் செடி பெரும்பாலும் நிமிர்ந்து நிற்கும், தேங்கிய செடி அப்போதும் காம்பை இறக்கியேதான் இருக்கும்.

மூன்றாவதாக ஒன்று இந்த ரெண்டோடும் குழப்பும்: பாக்டீரியா வாடல். மழைக்குப் பிறகுதான் அதுவும் வரும். இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே, வரிசையில் ஒன்றிரண்டு செடியாகத் திடீரென்று விழுந்தால் சந்தேகப்படுங்கள். அடித்தண்டை வெட்டி, கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, வெட்டுமுனை தண்ணீரைத் தொடும்படி பிடித்தால் சில நிமிடத்தில் பால் போன்ற இழை இறங்கும். இது படத்தில் பார்த்துச் சொல்லும் விஷயமே இல்லை.

தேங்கல்தான் என்று உறுதியானால் முதல் வேலை வாய்க்கால் வெட்டி நீரை வடிப்பது. சொட்டுநீர் வால்வை மூடிவிடுங்கள். மஞ்சளைப் பார்த்து அவசரப்பட்டு மண்ணில் யூரியா போடாதீர்கள், எடுக்க வேர் இல்லை. 10 லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் 19:19:19 உரம் கலந்து சாயங்காலம் இலையில் தெளிக்கலாம். கால் புதையாத அளவுக்கு மண் உலர்ந்ததும் லேசாகக் கொத்திவிடுங்கள். ஈரத்தில் கொத்தினால் மண் இறுகி, உள்ள காற்றும் போய்விடும்.