இ-ரீடரில் எழுத்து உறைந்து நின்றால் உடனே ‘டிஸ்ப்ளே மாற்ற’ ஒப்புக்கொள்ளாதீர்கள் (வேலூர்ப் பக்கம் நடந்தது)

குடியாத்தத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவரிடம் வேலூர்க் கடை ஒன்று 4,800 ரூபாய் வாங்கியிருக்கிறது. பில்லில் இருப்பது ‘டிஸ்ப்ளே சேஞ்ச்’. உண்மையில் டிஸ்ப்ளே மாற்றப்படவே இல்லை. அவருடைய கருவி மைக்ரோ யூஎஸ்பி ஓட்டை உள்ள பழைய கிண்டில் பேப்பர்வைட். இந்த வகைக் கருவி வைத்திருக்கும் எல்லோருக்கும் இது நடக்கலாம் என்பதால் விவரமாக எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப் ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது பக்கம் திரும்பாமல் நின்றுவிட்டது. சரியாகிவிடும் என்று பீரோவில் வைத்துவிட்டார். இரண்டு மாதம் கழித்து எடுத்தால் அதே பக்கம் அப்படியே தெரிகிறது, தொட்டாலும் பட்டனை அழுத்தினாலும் அசைவில்லை. கடைக்காரர் அவர் கண்ணெதிரே பட்டனை நெடுநேரம் அழுத்திக் காட்டி, “பாருங்க ஐயா, எழுத்து தெரியுது, அப்போ கரண்ட் இருக்கு. டிஸ்ப்ளேதான் போயிடுச்சு, மாத்தணும்” என்றிருக்கிறார்.

அந்தப் பேச்சின் அடிப்படையே தவறு. போனில் படம் தெரிந்தால் உள்ளே மின்சாரம் ஓடுகிறது என்று பொருள். கிண்டில் போன்ற இ-ரீடர்களில் இருக்கும் இ-இங்க் திரையில் அப்படியில்லை. நுண்ணிய குமிழ்களுக்குள் இருக்கும் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மின்னழுத்தம் கொடுக்கும்போது மட்டும் மேலும் கீழுமாக நகரும். பிறகு மின்சாரத்தை நிறுத்தினாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் கடைசியாக வரைந்த பக்கம் தெரிந்துகொண்டே இருக்கும். ஆகவே எழுத்து தெரிவது உயிர் இருப்பதற்கும் சாட்சி இல்லை, திரை கெட்டதற்கும் சாட்சி இல்லை.

ஆசிரியரின் கருவியில் நேர்ந்ததை அந்தப் பக்கமே சொல்லிவிடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் கிண்டிலைத் தொடாமல் விட்டால் சில நிமிடங்களில் தூக்கத்துக்குப் போய், பக்கத்துக்குப் பதிலாகத் திரைக்காப்புப் படத்தைக் காட்டும். பிடிஎஃப் பக்கமே நிற்கிறது என்றால் தூங்கப் போகுமுன்பே மென்பொருள் தொங்கிவிட்டது. தூங்காத கருவி தொடர்ந்து மின்சாரம் தின்னும். வாரக்கணக்கில் வரவேண்டிய சார்ஜ் அப்படிச் சீக்கிரமே தீர்ந்துவிடும். ‘பேட்டரி காலி’ என்று படம் வரைவதற்குக்கூட மென்பொருள் ஓடவில்லை. பேட்டரியே காலியான பிறகு பட்டனை எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. கடையில் காட்டிய ‘சோதனை’ அதுதான்.

செய்ய வேண்டிய வரிசை: முதலில் சார்ஜ், அப்புறம் பட்டன். 5 வோல்ட், 1 ஆம்பியர் சாதாரண அடாப்டர் போதும். கேபிளை மட்டும் வேறு கருவியில் போட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள், பாதி நேரம் குற்றவாளி கேபிள்தான். லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் சார்ஜிங் சிப் முழு மின்னோட்டத்தைக் கொடுக்காது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றும். அந்த நேரத்தில் ஆரஞ்சு விளக்கு எரியாமலும் இருக்கலாம். பத்து நிமிடம் பார்த்துவிட்டுச் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள், முடிந்தால் ராத்திரி முழுக்க. நம்மூர் அக்னி நட்சத்திர வெயிலில் ஜன்னலோரமோ மொட்டை மாடி அறையிலோ வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். பேட்டரி 45 டிகிரியைத் தாண்டினால் பாதுகாப்புக்காகச் சார்ஜ் ஏறுவது பொதுவாக நிறுத்தப்படும், நீங்கள் கருவியைக் குறை சொல்வீர்கள்.

சார்ஜ் ஏறிய பின் பவர் பட்டனை விடாமல் 40 விநாடி அழுத்திப் பிடியுங்கள். நடுவில் ‘Restart’ என்று கேட்கும் பெட்டி வந்தாலும் கையை எடுக்காதீர்கள். திரை முழுக்க ஒருமுறை கறுத்து வெளுத்தால் திரை நன்றாகவே இருக்கிறது. இதில் புத்தகம் எதுவும் அழியாது. அமைப்பு மெனுவில் இருக்கும் ‘ஃபேக்டரி ரீசெட்’ வேறு சமாச்சாரம், அது எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

மீண்டு வந்ததும் கணினியில் செருகி, ‘documents’ என்ற ஃபோல்டரை முழுதாக நகல் எடுத்துவிட்டு, தொங்கவைத்த அந்த பிடிஎஃப்பை மட்டும் நீக்குங்கள். இல்லாவிட்டால் அதைத் திறக்கும்போது மறுபடியும் தொங்கும்.

கடைக்காரர் செய்ததும் இதுவாகத்தான் இருக்கும், டிஸ்ப்ளே மாற்றவில்லை. ஆதாரம் திரையின் இடது கீழ் மூலையில் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் பேனா முனை பட்டு விழுந்த அரை அங்குலக் கீறல், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும். இந்த மாடலில் தொடுபரப்பும் விளக்குத் தகடும் இ-இங்க் பேனலோடு ஒட்டியே வரும். பேனல் மாறியிருந்தால் கீறல் போயிருக்க வேண்டும். அது அதே இடத்தில் இருக்கிறது. கூடவே ஃபேக்டரி ரீசெட்டும் போட்டிருக்கிறார்கள். காசு கொடுத்து வாங்கியவை கணக்கிலிருந்து திரும்ப இறங்கின. கணினி வழியே ஏற்றி வைத்திருந்த தமிழ்ப் புத்தகங்கள் நூற்றுக்கு மேல் போய்விட்டன. 4,800 ரூபாயைவிட அவருக்கு வலித்தது அதுதான், எனக்கும்தான்.

அதோடு முடியவில்லை. வீட்டுக்கு வந்தபின் பக்கம் திருப்பினால் முந்தைய பக்கத்தின் எழுத்து மங்கலாகப் பின்னால் நின்றது. போன் போட்டுக் கேட்டால், “புது டிஸ்ப்ளே, செட் ஆக ஒரு வாரம் ஆகும் ஐயா” என்று பதில். இ-இங்க் திரைக்கு அப்படி எந்தப் பழக்கமும் கிடையாது. வேகமாகத் திருப்புவதற்காகக் கருவி பக்கம் முழுவதையும் துடைக்காமல், மாறும் புள்ளிகளை மட்டும் நகர்த்துகிறது. சரியாக நகராமல் விட்டுப்போன துகள்களே அந்த நிழல் எழுத்து. செட்டிங்ஸில் ‘Page Refresh’ என்பதை ஆன் செய்தால் ஒவ்வொரு பக்கத்துக்கும் திரை முழுக்கக் கறுத்து வெளுத்து, நிழல் போய்விடும். கோபோ என்ற வேறு நிறுவன இ-ரீடர்களில் எத்தனை பக்கத்துக்கு ஒருமுறை துடைக்கலாம் என்று தேர்ந்தெடுக்கலாம், ஆறு பக்கத்துக்கு ஒன்று வைத்தாலே கண்ணை உறுத்தாது. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. ஆசிரியரின் கருவியில் அதை ஆன் செய்ததும் நிழல் அன்றே மறைந்தது.

திரை நிஜமாகவே உடைந்தால் வேறு மாதிரி இருக்கும். பை அழுந்தியோ கீழே விழுந்தோ உள்கண்ணாடி விரிந்திருந்தால், மற்ற இடமெல்லாம் கறுத்து வெளுக்கும்போது ஒரு மூலை மட்டும் பழைய படத்தோடு அசையாமல் நிற்கும், அல்லது நேர்க்கோடுகள் எந்தப் பக்கத்திலும் மாறாமல் இருக்கும். எத்தனை முறை துடைத்தாலும் அவை போகாது. அதற்குத்தான் பேனல் மாற்ற வேண்டும். அப்போதும் புதுக் கருவியின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பில் இருப்பதால் ஆசிரியர் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்திருக்கிறார். தொகை திரும்பாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக இருக்கிறார். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

கடைக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்றால், முன்பக்கத்தைக் கீறல் தெரியும்படி சாய்த்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ‘கேட்காமல் ரீசெட் போடக்கூடாது, கழற்றிய பழைய பேனலைத் திருப்பித் தரவேண்டும்’ என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் கருவியை அங்கே வைக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.