மூடியில் 100 ஹெர்ட்ஸ், காதில் 211: சப்வூஃபர் ஆர்சி ஃபில்டர் பெட்டி, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள பஜனைக் கூடத்தில் மிக்சருக்கும் சப்வூஃபர் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே தொங்கும் அந்தச் சின்ன அலுமினியப் பெட்டியை வாங்கலாமா என்று பினாங்கு நண்பர் கேட்டிருந்தார். சென்ற மாதம் அது பழுதாகித் திறக்கப்பட்டதால் இப்போது உள்ளே இருப்பதையும் பார்த்தே பதில் சொல்ல முடிகிறது. பெட்டியின் வேலை எல்லாருக்கும் தெரிந்ததுதான். மிக்சரிலிருந்து வரும் ஒலியில் தாழ்ந்த சுரங்களை விட்டு, மேலே உள்ளதைக் குறைக்க வேண்டும். மூடியில் "கட்ஆஃப் 100 ஹெர்ட்ஸ்" என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளாக ஒரே குறைதான். பாடுபவரின் குரல் சப்வூஃபருக்குள்ளிருந்தும் வருகிறது, பானைக்குள் வாயை வைத்துப் பேசுவதைப் போல. ஆண் குரலின் அடிச்சுரம் ஏறக்குறைய 85 முதல் 180 ஹெர்ட்ஸ் வரை. அதற்கு மேலுள்ள இணைச்சுரங்கள்தாம் அந்தப் பானைச் சத்தத்துக்குக் காரணம். 100 ஹெர்ட்ஸில் வெட்டும் பெட்டி அவற்றைக் கணிசமாக அடக்கியிருக்க வேண்டும். அடக்கவில்லை.

முதலில் பழுதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் சப்வூஃபரில் குரல், தாளம், ஆர்மோனியம் எல்லாமே முழுதாகக் கேட்டது. அப்படிக் கேட்டால் கப்பாசிட்டரின் கால் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். ரெசிஸ்டர் விட்டுப்போனால் ஒன்றுமே கேட்காது. திறந்து பார்த்தால் அதேதான், கப்பாசிட்டர் பற்றில் வட்டமாக ஒரு விரிசல். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்கப் பத்து நிமிடம் போதும்.

கோபம் வந்தது அதற்குப் பிறகு. உள்ளே இருந்தது தொடரில் ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர், பூமிக்கு ஒரு 154 கப்பாசிட்டர். 154 என்றால் 15-க்குப் பின் நான்கு சுழி பிக்கோஃபாரட், அதாவது 150 நானோஃபாரட். சூத்திரத்தில் போட்டால்:

```
fc = 1 / (2π × R × C)
   = 1 / (2π × 10000 × 0.00000015) ≈ 106 Hz
```

106, மூடியில் 100. இதுவரை நியாயம்தான். ஆனால் இந்தக் கணக்கு பெட்டியின் வெளிப்பக்கத்தில் எதுவும் செருகாதவரைக்கும்தான் உண்மை. கூடத்தில் உள்ள ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம். அது கப்பாசிட்டருக்கு இணையாக உட்கார்ந்துகொள்கிறது. கப்பாசிட்டரின் பக்கமிருந்து பார்த்தால் மிக்சர் பக்கத்து ரெசிஸ்டரும் ஆம்ப்ளிஃபயரின் மின்தடையும் இணையாகவே தெரியும், ஆகவே கட்ஆஃபைத் தீர்மானிக்கும் R என்பது 10 கிலோ அல்ல, ஏறத்தாழ அதில் பாதி. மிக்சரின் வெளியீட்டு மின்தடை 150 ஓமையும் சேர்த்தால் 5.04 கிலோ ஓம் வருகிறது, கட்ஆஃப் 211 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடுகிறது. மூடியில் எழுதியதைவிட ஒரு எட்டுச்சுரத்துக்கும், அதாவது இரட்டிப்புக்கும், மேலே.

இன்னொரு நட்டமும் உண்டு. அந்த இரண்டு மின்தடைகளும் சேர்ந்து சமிக்ஞையைப் பாதியாகப் பிரிக்கின்றன. மின்னழுத்தம் பாதியானால் டெசிபெல் கணக்கில் 20 × log(0.5), அதாவது கழித்தல் 6. கடத்த வேண்டிய பாஸிலேயே 6 டெசிபெல் போய்விட்டது. அதை ஈடுகட்ட எல்லாரும் ஆம்ப்ளிஃபயரின் குமிழை ஏற்றிவைத்தார்கள், கூடவே இரைச்சலும் ஏறியது. மூன்று ஆண்டுகளாக அந்த "ஸ்ஸ்" சத்தத்துக்கு மிக்சர்தான் திட்டு வாங்கிக்கொண்டிருந்தது.

எந்தச் சுமைக்கு, அதாவது ஆம்ப்ளிஃபயரின் எந்த உள்ளீட்டு மின்தடைக்கு, 100 ஹெர்ட்ஸ் என்று மூடியில் ஒரு வரி போட்டிருந்தால் போதும். அதைப் போடாமல் விற்பது தவறு, அதில் எனக்குச் சமரசம் இல்லை.

சரிசெய்வது எளிது. ரெசிஸ்டரைச் சுமையைவிட நன்றாகச் சிறியதாக்க வேண்டும். 1 கிலோ ஓம் வரை இறக்கலாம்தான், ஆனால் உயர் அதிர்வெண்ணில் கப்பாசிட்டர் ஏறத்தாழ குறுக்கிணைப்புபோல ஆகிவிடும், அப்போது மிக்சர் அந்த 1 கிலோ ஓமைத்தான் நேராகச் சுமக்கும். பல மிக்சர்களுக்கு அது கொஞ்சம் பாரம். நடுவழியாக 2.2 கிலோ ஓம் எடுத்துக்கொள்ளலாம், மூன்று சிவப்பு வளையமும் ஒரு தங்க வளையமும் உள்ளது, கால் வாட் போதும். சூத்திரத்தை அப்படியே நம்பினால் கப்பாசிட்டர் 680 நானோஃபாரட் என்று வரும், 106 ஹெர்ட்ஸ் கிடைத்ததுபோல் தோன்றும். 10 கிலோ ஓம் சுமை சேர்ந்ததும் அது 130-க்குத் தாவிவிடும். அதனால் சுமையை முதலிலேயே கணக்கில் சேர்த்து 820 நானோஃபாரட் போட வேண்டும். மிக்சரின் 150 ஓமோடு 2.35 கிலோ ஓம், அதற்கு இணையாக 10 கிலோ ஓம், ஆக 1.9 கிலோ ஓம். கட்ஆஃப் 102 ஹெர்ட்ஸ். பாஸில் நட்டம் 6 டெசிபெல்லிலிருந்து 1.8-க்குக் குறைந்தது, ஆம்ப்ளிஃபயர் குமிழை இறக்க முடிந்தது, இரைச்சலும் அடங்கியது.

புடு, ஜாலான் பாசார் கடைகளில் கப்பாசிட்டர் கேட்கும்போது பாலியெஸ்டர் பிலிம் என்று சொல்லிக் கேளுங்கள், மேலே 824 என்றும் பக்கத்தில் ஜே என்றும் இருக்கட்டும். ஜே என்றால் கூடுதல் குறைவு 5 சதவிகிதம், கே என்றால் 10, எம் என்றால் 20. அந்த விலகல் அப்படியே கட்ஆஃபில் வந்து விழும். மலிவான செராமிக் வகைகளில் சில சூட்டிலேயே மதிப்பு பெரிதாக மாறிப்போகும், கூரைக்கடியில் தொங்கும் பெட்டிக்கு அவை ஆகாது.

அளந்து பார்க்க ஆசிலோஸ்கோப் தேவையில்லை. மல்டிமீட்டரின் ஏசி வோல்ட் அளவும் கைப்பேசியில் ஒரு டோன் ஜெனரேட்டர் செயலியும் போதும். ஆனால் ஸ்பீக்கர் கம்பியைக் கழற்றிவிட்டு, ஆம்ப்ளிஃபயரை இணைத்து மின்சாரம் கொடுத்த நிலையிலேயே அளக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயரைப் பிரித்துவிட்டு அளந்தால் மூடியில் உள்ள பொய்தான் திரும்பக் கிடைக்கும். கைப்பேசியை மிக்சரில் செருகி, கப்பாசிட்டரின் ஒரு காலைத் தூக்கிவிட்டு, 100 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்துப் பெட்டியின் வெளியீட்டை அளவிடுங்கள். அது 0.80 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இதுதான் ஒப்பிட வேண்டிய முழு அளவு. பிறகு காலைப் பற்றவைத்து, ஒலி அளவைத் தொடாமல் அதிர்வெண்ணை மட்டும் மாற்றிக்கொண்டே வந்தால் 0.80 × 0.707, அதாவது 0.566 வோல்ட் காட்டும் இடம் கட்ஆஃப்.

இங்கே பலர் தடுக்கி விழுகிறார்கள். 0.707 மடங்கு என்பது பெட்டிக்குள் நுழையும் மின்னழுத்தத்தில் அல்ல, கப்பாசிட்டர் இல்லாமல் வெளியே வரும் மின்னழுத்தத்தில். பழைய பெட்டியில் உள்ளே 1 வோல்ட் கொடுத்தால் வெளியே எந்த அதிர்வெண்ணிலும் 0.5-க்கு மேல் வராது, 0.707-ஐத் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. மலிவு மீட்டர்களின் ஏசி அளவு சில நூறு ஹெர்ட்ஸ் வரைதான் நம்பத்தக்கது என்பதையும் மறக்க வேண்டாம். 100 ஹெர்ட்ஸுக்குச் சிக்கலில்லை. 1000 ஹெர்ட்ஸில் ஃபில்டர் அருமையாக வெட்டுகிறது என்று தோன்றினால், கப்பாசிட்டரைத் தூக்கிவிட்டு அதே 1000 ஹெர்ட்ஸில் ஒருமுறை அளந்து பாருங்கள். அங்கேயும் அளவு விழுந்தால் வெட்டுவது மீட்டர்.

இவ்வளவும் செய்த பிறகு குரல் போய்விட்டதா? பாதி போயிற்று. இதில் பெட்டியின் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஒரு ரெசிஸ்டரும் ஒரு கப்பாசிட்டரும் மட்டுமே உள்ள ஒற்றை ஆர்சி எதையும் வெட்டுவதில்லை, சரிக்கிறது. கட்ஆஃபில் 3 டெசிபெல் இறக்கம், அதாவது திறனில் பாதி. அதைக் காது மெதுவாகத்தான் கவனிக்கும். இரட்டிப்பு அதிர்வெண்ணில் 7 டெசிபெல், நான்கு மடங்கில் 12, பத்து மடங்கில் 20. அதற்கப்புறம் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 6 டெசிபெல் என்று ஒரே சரிவு. கட்ஆஃபின் பாதி அதிர்வெண்ணில்கூட 1 டெசிபெல் குறைந்தே இருக்கும். இந்தக் குணம் எந்த ரெசிஸ்டர் போட்டாலும் மாறாது.

நம் இரண்டு நிலைகளையும் ஒப்பிட்டால், 200 ஹெர்ட்ஸில் பழையது 2.8 டெசிபெல் குறைத்தது, புதியது 6.9. ஆனால் 50 ஹெர்ட்ஸிலும் பழையது 0.2, புதியது 0.9 குறைக்கிறது. ஆகவே பாஸோடு ஒப்பிட்டால் குரலுக்குக் கிடைத்த உண்மையான இறக்கம் 3.4 டெசிபெல்தான். 400 ஹெர்ட்ஸில் 5 டெசிபெல் வரை வருகிறது. பானைச் சத்தம் குறைந்தது, தீரவில்லை. மூடியில் சொன்ன 100 உண்மையாகவே இருந்திருந்தாலும் இதற்கு மேல் கிடைத்திருக்காது. டெசிபெல்லில் எழுதினால் இந்த நட்டங்களையெல்லாம் வெறும் கூட்டல் கழித்தலாகப் பார்த்துவிடலாம், அதனால்தான் எரிச்சலையும் அளவாக வைத்துக்கொள்ள முடிகிறது.

இரண்டு பெட்டியைத் தொடரில் போட்டால் சரிவு இரட்டிப்பாகுமே என்று ஒரு யோசனை வரும். செய்ய வேண்டாம். இரண்டாவது பெட்டி முதல் பெட்டிக்குச் சுமையாகிவிடும். ஒரே மதிப்புள்ள இரண்டு ஆர்சியை ஒன்று மற்றதற்குச் சுமையாகாமல் தடுக்கும் பஃபர் நடுவில் இல்லாமல் கோத்தால் 3 டெசிபெல் புள்ளி 0.37 மடங்குக்கு இறங்கும். 100 ஹெர்ட்ஸ் 37 ஆகிவிடும். குரலோடு பாஸும் சேர்ந்தே போய்விடும்.

எதிர்பாராமல் பிடித்துப்போன ஒன்றும் உண்டு. இந்தப் பெட்டிக்கு மின்சாரம் வேண்டாம், அடாப்டர் இல்லை, அதனால் அடாப்டர் உறுமலும் இல்லை. சரிவு மென்மையானதால் உறுமி மேளத்தின் அடி நிற்கும்போது சுத்தமாக நிற்கிறது, பின்னால் அதிர்வு இழுபடுவதில்லை. கட்ஆஃபில் 45 பாகை பின்தங்கல் வருகிறது, 102 ஹெர்ட்ஸில் அது 1.2 மில்லிவிநாடி. சப்வூஃபரை முன் ஸ்பீக்கர்களைவிட ஏறக்குறைய 40 சென்டிமீட்டர் முன்னால் நகர்த்தினால் அந்த அதிர்வெண்ணில் இரண்டும் சேர்ந்து ஒலிக்கும். கூடத்தில் நகர்த்திப் பார்த்தோம், மேளம் இறுகிக் கேட்டது.

நண்பருக்கு: வாங்க வேண்டாம். ஐந்துக்கு இரண்டுதான் தருவேன், அந்த இரண்டும் உள்ளே இருக்கும் சுற்றுக்கு, மூடிக்கு அல்ல. பாஸ் போதும், குரல் கொஞ்சம் கசிந்தாலும் பரவாயில்லை என்றால் உங்கள் ஆம்ப்ளிஃபயரின் உள்ளீட்டு மின்தடையைக் கையேட்டில் பார்த்து, அதற்கேற்ற ரெசிஸ்டரும் கப்பாசிட்டருமாக நீங்களே பற்றவைத்துக்கொள்ளுங்கள். பாலன்ஸ்டு கம்பி என்றால் இந்தச் சுற்று அப்படியே ஆகாது, இரண்டு கம்பியிலும் ரெசிஸ்டர் வேண்டும். குரல் சப்வூஃபரில் கேட்கவே கூடாது என்றால் குறைந்தது இரண்டாம் படி ஆக்டிவ் கிராஸ்ஓவருக்குப் போங்கள். செந்தூல் பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், மூடியில் இருந்த 100-ஐச் சுரண்டிவிட்டு "10 கிலோ ஓம் சுமையில் 102" என்று எழுதி ஒட்டியிருக்கிறது.