ஜூமில் கூட்டப் பதிவுகளை அழிப்பது: ஐந்து வருடம் பயன்படுத்திய பிறகு

காட்பாடியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அக்கவுண்டன்சியும் காமர்ஸும் சொல்லிக் கொடுக்கிறேன். 2020 ஊரடங்கில் ஜூமுக்குப் போனோம். ஊரடங்கு முடிந்த பிறகும் பாதி வகுப்பு அங்கேயே தங்கிவிட்டது. குடியாத்தம், பேரணாம்பட்டு, லத்தேரி என்று பிள்ளைகள் தூரம் தூரமாக இருக்கிறார்கள். ராத்திரி எட்டு மணி வகுப்புக்கு பஸ் பிடித்து வந்து திரும்ப முடியாது. பெற்றோர் கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஜூமில்தான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் அம்மாக்களுக்கு அந்த ஒரு நேரம்தான் கிடைக்கும். வர முடியாதவர்கள் அப்புறம் பார்க்கட்டும் என்று கூட்டத்தைக் கிளவுடில் பதிவு செய்து, இணைப்பை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவேன்.

வகுப்பு எடுப்பதற்கு ஜூம் எப்படி இருக்கிறது என்று நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது பதிவை அழிப்பது பற்றி மட்டும். அதை நான் தப்பாகச் செய்து, ஒரு அம்மாவின் மனதை நோகடித்த பிறகுதான் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். அவரிடம் கேட்டுவிட்டு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் இங்கே சொல்கிறேன்.

ஒரு கூட்டத்தில் அவர் பேசும்போது, மகளுக்கு ஃபிட்ஸ் வருகிறது, காலையும் ராத்திரியும் டேப்லெட் எடுக்கிறாள், அதனால்தான் வகுப்பில் தூங்கி விழுகிறாள், திட்டாதீர்கள் என்று சொன்னார். என்னிடம் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார். நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தது அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. ராத்திரி போன் வந்தது. "மிஸ், நான் பேசினது குரூப்புல எல்லாருக்கும் போகுமா? பொண்ணுக்கு நாளைக்கு ஒரு நல்லது நடக்கணும் மிஸ். அதை எடுத்துடுங்க." உடனே கணினியைத் திறந்து அழித்தேன். "எடுத்துட்டேன்க்கா, கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தேன்.

மூன்றாம் நாள் திரும்ப அழைத்தார். "இன்னா மிஸ், அழிச்சிட்டேன்னு சொன்னீங்களே, இன்னும் கேக்குதாமே." வேறொரு அம்மா வாட்ஸ்அப்பில் இருந்த பழைய இணைப்பைத் தட்டியிருக்கிறார். படம் வரவில்லை, குரல் மட்டும் முழுதாக ஓடியிருக்கிறது. பக்கத்தில் பேச்சு எழுத்தாகவும் ஓடியிருக்கிறது.

நடந்தது இதுதான். கிளவுட் பதிவு என்று பட்டியலில் ஒரு வரியாகத் தெரிவது உண்மையில் ஒரே கோப்பு இல்லை. zoom.us தளத்தில் உள்நுழைந்து Recordings பக்கத்துக்குப் போனால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் நேரே எத்தனை கோப்பு, மொத்தம் எத்தனை எம்பி என்று போட்டிருக்கும். அந்தக் கூட்டத்தின் பெயரைத் தட்டி உள்ளே போனால் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும்: வீடியோ எம்பி4, குரல் மட்டும் உள்ள எம்4ஏ, பேச்சை எழுத்தாக்கிய விடிடி கோப்பு, அரட்டைச் செய்திகள் உள்ள டிஎக்ஸ்டி. நடுவில் பதிவை நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால் இன்னொரு தொகுப்பும் அதே கூட்டத்தின் கீழ் சேரும். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக அழிக்கும் வசதி உண்டு.

அங்கேதான் நான் சறுக்கினேன். நான் சந்தா கட்டிய காலத்தில் கிளவுட் இடம் 5 ஜிபிதான். ஒரு மணி நேரக் கூட்டத்தின் வீடியோ எனக்கு 200, 250 எம்பி வரும். குரல் கோப்பு அதில் கால்வாசிதான். எழுத்துக் கோப்பு நூறு கேபிகூட இருக்காது. இடம் நிரம்பும்போதெல்லாம் உள்ளே போய் வீடியோவை மட்டும் தூக்குவேன், மற்றதை அப்படியே விடுவேன். அந்த ராத்திரியும் கை பழக்கப்படி அதையே செய்துவிட்டது. இடத்தைக் காலி செய்வதும், ஒருவர் பேசியதை இல்லாமல் ஆக்குவதும் வேறு வேறு வேலை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இருக்கும் கோப்புகளிலேயே சின்னதான அந்த எழுத்துக் கோப்புதான் என்னை அதிகம் பயமுறுத்தியது. எழுத்தாக்க மொழி ஆங்கிலத்திலேயே இருந்தது, நான் மாற்றவே இல்லை. நாங்கள் பேசிய தமிழ் பெரும்பாலும் அர்த்தமில்லாத ஆங்கிலச் சொற்களாக வந்திருந்தது. யாருக்கு என்ன புரியப்போகிறது என்று திறந்து பார்த்தால், இப்படி ஒரு இடம்:

```
214
00:31:07.420 --> 00:31:12.180
Galaxy M12: Andre fits tablet morning night neuro doctor.
```

நம் வீடுகளில் நோயைப் பற்றிப் பேசும்போது நோயின் பெயர், மருந்து, டாக்டர், டெஸ்ட் எல்லாவற்றுக்கும் ஆங்கிலச் சொல்தான் வாயில் வருகிறது. பணம் பற்றிப் பேசினால் லோன், டியூ, இஎம்ஐ. அதனால் தமிழ் எல்லாம் சிதைந்து, மறைக்க வேண்டிய சொற்கள் மட்டும் பளிச்சென்று நிற்கின்றன. பேசியவர் பெயருக்குப் பதில் போன் மாடல் இருக்கிறதே என்றால், அதற்கு அடுத்த வரியில் நானே "உங்க பொண்ணு" என்று தொடங்கி அவள் பெயரைச் சொல்லிப் பேசியிருக்கிறேன், அந்தப் பெயரும் சரியாகவே எழுத்தாகியிருந்தது. வீடியோவில் அந்த இடத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். எழுத்தில் ஒரு சொல்லைத் தேடினால் போதும்.

சரி, முழுதாக அழிப்பது எப்படி? உள்ளே போய் ஒவ்வொரு கோப்பாகத் தொடாமல், வெளிப் பட்டியலிலேயே அந்தக் கூட்டத்தைத் தேர்ந்தெடுத்து Delete கொடுக்க வேண்டும். அப்போது எல்லாக் கோப்பும் சேர்ந்து Trash பகுதிக்குப் போகும். இணைப்பும் வேலை செய்யாது. ஆனால் அது இன்னும் முழு அழிவு இல்லை. அங்கே 30 நாள் இருக்கும். அதற்குள் Recover கொடுத்தால் திரும்பி வந்துவிடும். அவசரப்பட்டு அழித்த பாடங்களை இரண்டு முறை இப்படி மீட்டிருக்கிறேன், அந்த வகையில் நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒருவர் கேட்டு அழிக்கும்போது 30 நாள் காத்திருக்கக் கூடாது. Trash உள்ளே போய் அந்த ஒன்றை மட்டும் மறுபடி அழித்துவிட வேண்டும். Empty Trash என்று மொத்தமாகக் கொடுத்தால் வேண்டிய பாடமும் சேர்ந்து போய்விடும், கவனம். முன்னால் தனியாக அழித்த வீடியோவும் அங்கேதான் கிடக்கும். என்னுடையதும் கிடந்தது.

அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பதிவுக்கான Analytics பகுதியில் அந்தப் பதிவை எத்தனை முறை பார்த்தார்கள், எத்தனை முறை இறக்கினார்கள் என்ற எண்ணிக்கை இருக்கும். அதைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிறகுதான் அழிக்க வேண்டும். பார்வை பதினொன்று, இறக்கியது பூஜ்யம் என்று அன்றைக்கு இருந்தது. அந்த பூஜ்யத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. யாராவது இறக்கியிருந்தால் அந்தப் போனில் இருக்கும் நகலை இங்கிருந்து எதுவும் செய்ய முடியாது. ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டுக் கேட்டுக்கொள்வதுதான் வழி. திரையை வேறொரு போனில் படம் பிடித்தால் இந்த எண்ணிக்கையில் அது தெரியவும் தெரியாது.

அழித்த பிறகு சரிபார்ப்பதை நம் கணக்கில் இருந்துகொண்டே செய்தால் ஏமாந்துவிடுவோம். வாட்ஸ்அப்பில் போட்ட அதே இணைப்பை, ஜூமில் உள்நுழையாத போனில் அல்லது பிரவுசரின் மறைநிலைச் சாளரத்தில் திறந்து பார்க்க வேண்டும். பதிவு இல்லை என்ற செய்தி வர வேண்டும். கடவுச்சொல் கேட்டால் பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்த முதல் ராத்திரி இந்த அரை நிமிட வேலையைச் செய்திருந்தால் அந்த அம்மாவுக்கு இரண்டாவது போன் போட வேண்டிய நிலைமை வந்திருக்காது.

இன்னொரு சிக்கலும் இருந்தது. தேர்வுக்கு முந்தைய மாதங்களில் கணக்கு சாரும் நானும் சேர்ந்து கூட்டம் நடத்துவோம். அவருடைய ஜூம் கணக்கில் உருவாக்கிய கூட்டத்தில் நான் இணை நடத்துநராக இருந்து பதிவை அழுத்தினாலும், பதிவு அவர் கணக்கில்தான் சேரும். என் பட்டியலில் தேடித் தேடி, ஒன்றும் இல்லை என்று நிம்மதியாக இருந்திருக்கிறேன். இப்போது அந்த மாதிரிக் கூட்டங்களின் தேதிகளைத் தனியாக எழுதி அவரிடம் கொடுத்துவிடுகிறேன். பள்ளி, கல்லூரி கணக்கில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: நடத்துநர்களே பதிவை அழிக்கும் உரிமையை நிர்வாகி மூடி வைக்கலாம். அழிக்கும் பொத்தானே காணவில்லை என்றால் நிர்வாகியிடம்தான் கேட்க வேண்டும்.

இப்போது என் அமைப்பில் என்ன மாறியிருக்கிறது என்றால், Settings பக்கத்தில் பதிவுக்கான பகுதியில் Create audio transcript என்ற டிக்கை எடுத்துவிட்டேன். அரட்டையைச் சேமிக்கும் டிக்கும் போய்விட்டது, ஏனென்றால் அங்கேதான் எல்லோரும் போன் நம்பரைத் தட்டிவிடுகிறார்கள். பாட வகுப்புக்கு எழுத்தாக்கம் வேண்டும் என்றால் அன்றைக்கு மட்டும் திரும்பப் போடுகிறேன். இந்த டிக்குகள் இனி வரும் பதிவுகளுக்குத்தான். ஏற்கெனவே உருவான எழுத்துக் கோப்புகள் தாமாக மறையாது. என் பழைய பதிவுகளில் வீடியோ இல்லாமல் வெறும் குரலும் எழுத்தும் மட்டும் மிச்சமாக நின்றவை நிறைய இருந்தன. இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக அழித்தேன்.

குறிப்பிட்ட நாள் கழித்துத் தானாக அழியும் வசதியையும் 30 நாளுக்கு வைத்திருக்கிறேன். அப்படி அழிவதும் முதலில் Trash பகுதிக்குத்தான் போகும், ஆக 30 நாளும் இன்னொரு 30 நாளும் சேர்ந்து இரண்டு மாதம். பெற்றோரிடம் "ஒரு மாசத்துல போயிடும்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது இரண்டு மாதம் என்று சொல்கிறேன். இணைப்பைப் பகிரும்போது காலாவதித் தேதி போட்டு, ஒரு வாரம் கழித்து இணைப்பு மூடும்படி வைக்கிறேன். பார்ப்பவர்கள் இறக்க முடியாதபடியும், எழுத்தாக்கம் அவர்களுக்குத் தெரியாதபடியும் அதே இடத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

பெற்றோர் கூட்டத்தில் பொதுவான விஷயங்களை நான் பேசி முடிக்கும் முதல் இருபது நிமிடம்தான் இப்போது பதிவாகிறது. அப்புறம் பதிவை நிறுத்திவிட்டு, "நிறுத்திட்டேன், இனிமே பேசலாம்" என்று வாய்விட்டுச் சொல்கிறேன். அந்த அம்மா இப்போதும் கூட்டத்துக்கு வருகிறார். மகளைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்றால் மட்டும் கூட்டம் முடிந்த பிறகு தனியாக போன் செய்கிறார்.