பில்லுக்குக் கமிஷனா, வசூலுக்கா?

விற்பனைப் பிரதிநிதிக்கு பில் போட்ட மாதமே கமிஷன் கொடுத்துவிட்டு, சரக்கு திரும்பினாலோ பணம் வராவிட்டாலோ பின்னால் பிடித்துக்கொள்வது ஒரு முறை. டீலர் பணம் கட்டிய பிறகே கொடுப்பது இன்னொன்று. இரண்டையும் தணிக்கை செய்தால் எது எங்கே ஓட்டையாகிறது என்று பார்ப்போம்.

பம்ப்செட் விற்கும் ஒருவருக்கு மார்ச் இலக்கு 10 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். இலக்கை எட்டினால் மொத்த விற்பனைக்கும் 2 சதவீதம், எட்டாவிட்டால் 1 சதவீதம். ஜிஎஸ்டி நீங்கலாக 10.40 லட்சத்துக்கு பில் போட்டார். கமிஷன் 20,800 ரூபாய். ஏப்ரல் 4 அன்று 60,000 ரூபாய் சரக்கு திரும்பி வந்து கிரெடிட் நோட் விழுகிறது. விற்பனை 9.80 லட்சமாகி, விகிதம் 1 சதவீதத்துக்கு இறங்கி, உரிய கமிஷன் 9,800 ரூபாய்தான். அறுபதாயிரம் சரக்கு 11,000 ரூபாய் கமிஷனைக் கரைத்துவிட்டது. ஆகவே பில் முறையில் முதலில் எடுக்கவேண்டியது, அடுத்த மாதத்தின் முதல் இரண்டு வார கிரெடிட் நோட்டுகளை. இலக்கை மயிரிழையில் தாண்டியவர்களின் கணக்கில் மாதக் கடைசி மூன்று நாள் பில்களும் அதே டீலரின் திரும்புகையும் ஜோடி சேர்கின்றனவா என்று பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வசூல் முறையில் இந்த விளையாட்டுக்கு இடம் குறைவு. ஆனால் சிக்கல் வேறு இடத்தில் முளைக்கிறது. டீலர் மொத்தமாகக் கட்டிய 8,26,000 ரூபாயை டேலியில் `On Account` என்று போட்டுவிட்டால், அது எந்த பில்லுக்கு, எந்தப் பிரதிநிதிக்கு என்றே தெரியாது. `Agst Ref` போட்டு பில்வாரியாகப் பொருத்தியிருந்தால்தான் தணிக்கையே சாத்தியம். அந்தத் தொகையில் 18 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். கமிஷனுக்கு உரியது 7 லட்சம். இதை மறந்து முழுத் தொகைக்கும் 1 சதவீதம் போட்டால் 1,260 ரூபாய் கூடுதலாகப் போகும். காசோலையையும் ரசீது தேதியை நம்பி வசூலாக எண்ணாதீர்கள். வங்கி அறிக்கையில் பணம் ஏறி, திரும்பாமல் நின்றதா என்று பாருங்கள்.

மார்ச் பில்லுக்கு மே மாதம் பணம் வந்தால் எந்த மாத விகிதம்? ஒப்பந்தத்தில் இது இல்லையென்றால் இருவர் இருவிதமாகக் கணக்கிடுவார்கள். இருவரையும் தவறென்று சொல்ல முடியாது.

என் தேர்வு ஒரு கலப்பு: திரும்புகை கழித்த பில் மதிப்பில் விகிதத்தை முடிவுசெய்து, வசூலான அளவுக்குக் கொடுப்பது. மேலே சொன்ன 9.80 லட்சத்தில் வசூலானது அந்த 7 லட்சம் என்றால், இப்போது கொடுப்பது 7,000 ரூபாய்; மீதி 2.80 லட்சத்துக்கான 2,800 ரூபாய், பணம் வரும் நாளுக்காகக் காத்திருக்கும். வசூலைத் தள்ளிப்போடுவது நிறுவனத்தின் கடன் பிரிவே என்றால், அந்தக் காத்திருப்பைப் பிரதிநிதியின் தலையில் கட்டுவது நியாயமில்லை. அதற்கு 90 நாள் என்று ஒரு வரம்பை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடலாம்.