தகுதிகாண் காலத்தில் விலகல்: 14 நாளா, ஒரு மாதமா, காசைக் கட்டிவிட்டுப் போவதா?

திருமலை டவுனில் ஒரு லீசிங் கம்பனிக் கிளையில் மார்ச் 2 வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பியை வைத்துக்கொள்வோம். ஆறு மாதத் தகுதிகாண் காலம், சம்பளம் 60,000 ரூபா. நிலாவெளி ஹோட்டல் ஒன்றின் கணக்குப் பகுதியில் செப்டம்பர் 1 வரச் சொல்லியிருக்கிறார்கள். கிளையில் எல்லாரும் "ஒரு மாசம் நோட்டீஸ் குடுக்கோணும்" என்கிறார்கள். அவர்கள் நிரந்தரமானவர்கள், அவர்களுக்கு அது சரி. இவருக்கு எது என்பதை நியமனக் கடிதந்தான் சொல்லும்.

கடிதத்தில் நோட்டீஸ் பற்றி ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடக் கூடாது. பெரும்பாலும் இரண்டு இடத்தில் இருக்கும்: கடைசிப் பக்கத்தில் பொதுவாக ஒரு மாதம் என்றும், தகுதிகாண் காலம் பற்றிய பந்தியின் கடைசி வரியில் இரு தரப்பும் 14 நாளில் முடித்துக்கொள்ளலாம் என்றும். அந்தப் பந்தியில் எதுவும் இல்லையென்றால் பொதுவான ஒரு மாதம் உங்களுக்கும் பொருந்தும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, "எழுத்தில் உறுதிப்படுத்தும் வரை தகுதிகாண் காலம் தொடரும்" என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஆறு மாதம் கடந்தும் கடிதம் வராதவருக்குக் குறுகிய நோட்டீஸ்தான். அப்படி வரி இல்லாவிட்டால், ஆறு மாதம் முடிந்த மறுநாளே கம்பனி ஒரு மாதம் கேட்க இடமுண்டு.

நம் தம்பியின் கடிதத்தில் 14 நாள் என்று இருக்கிறது, அதனால் அவர் முன்னே மூன்று வழி.

முதலாவது, அந்த 14 நாளையே கொடுப்பது. ஆகஸ்ட் 17 கடிதத்தைக் கையில் கொடுத்தால், மறுநாளிலிருந்து எண்ணி 31 கடைசி நாள். கொடுத்த நாளைக் கணக்கில் சேர்க்காமல் எண்ணுவதுதான் பாதுகாப்பு, ஒரு நாள் குறைகிறது என்ற பேச்சே வராது. லீவைக் கழித்துச் சீக்கிரம் போகலாம் என்றும் நம்ப வேண்டாம்: கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி முதல் வருடத்தில் முழுதாக முடிந்த இரண்டு மாதத்துக்கு ஒரு நாள் அமய லீவுதான், இவருக்கு அது இரண்டே நாள், அதையும் நோட்டீஸில் கழிக்க முகாமையாளர் சம்மதிக்க வேண்டும்.

இரண்டாவது, நோட்டீஸுக்குப் பதில் சம்பளம் கட்டுவது. 60,000ஐ 30ஆல் பிரித்து 14ஆல் பெருக்கினால் 28,000 ரூபா. புது இடம் நாளைக்கே வா என்றால்தான் இதற்கு அர்த்தம். ஆனால் சில கடிதங்களில் இந்த உரிமை கம்பனிக்கு மட்டுந்தான் எழுதப்பட்டிருக்கும், "இரு தரப்பும்" என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாவிட்டால் அவர்களின் எழுத்துச் சம்மதம் வேண்டும்.

மூன்றாவது, மரியாதைக்காக ஒரு மாதம் இருப்பது. எனக்கு இதில் உடன்பாடு இல்லை. புது வேலைத் திகதி தள்ளிப்போகும், அங்கே வாய்ப்பு கைநழுவினால் இந்தக் கிளை பொறுப்பெடுக்காது. கிளைக்கு உதவ வேண்டுமென்றால் முகாமையாளரிடம் வாயால் முன்கூட்டியே சொல்லுங்கள், கடிதத்தில் 14 நாளை நீட்டாதீர்கள். சொல்லாமல் நின்றுவிடுவதை நான் வழியாகவே எடுக்கவில்லை, சேவையை விட்டு நீங்கியவர் என்று பதிவாகும், சேவைக் கடிதம் கேட்டுப் போக முகமும் இருக்காது.

அப்புறம் வார்த்தை. அநேகர் எழுதுவது இது:

"எனது ராஜினாமாவை ஏற்று என்னை விடுவிக்குமாறு தயவுடன் வேண்டுகிறேன்."

பணிவுதான், ஆனால் இது அனுமதி கேட்கும் வேண்டுகோள். திகதியும் இல்லை. "மேலிடத்தில் இருந்து பதில் வரட்டும்" என்று ஆகஸ்ட் முழுவதும் இழுக்க அதுவே போதும். இதை எழுதுங்கள்:

"மதிப்புக்குரிய ஐயா, எனது நியமனக் கடிதத்தின் தகுதிகாண் காலப் பந்திக்கு அமைய, 14 நாள் முன்னறிவித்தலுடன் பதவியிலிருந்து விலகுகிறேன் என்பதைத் தயவுடன் அறியத் தருகிறேன். எனது கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 31. அதற்கு முன் எனது பொறுப்புகளை முழுமையாக ஒப்படைப்பேன். இங்கு கற்றுத்தந்த அனைவருக்கும் என் நன்றி."

இதிலும் மரியாதை குறையவில்லை, திகதியும் எந்த விதிப்படி என்பதும் தெளிவு. காரணம் எழுதத் தேவையில்லை, சம்பளக் குறையை இங்கே கொட்டவும் வேண்டாம். பிரதியில் "பெற்றுக்கொண்டேன்" என்று கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். முகாமையாளர் தயங்கினால் அன்றே மின்னஞ்சலிலும் அனுப்பிவிடுங்கள்.

ஒப்படைப்பில் லீசிங் வேலைக்காரர் கவனிக்க வேண்டியது ரசீதுப் புத்தகம். பாவித்த கடைசி இலக்கம், மிச்சத் தாள்கள், கையில் நிற்கும் வசூல் காசு, கம்பனி சிம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் காசாளரிடம் ஒப்பம் வாங்குங்கள். பயிற்சிக்கு வேறாக ஒப்பந்தம் எழுதியிருந்தால் அது நோட்டீஸோடு தீராது, அதைத் தனியே வாசியுங்கள். ஊழியர் சேமலாப நிதி தகுதிகாண் மாதங்களுக்கும் கட்டப்பட வேண்டும், உங்கள் 8 வீதமும் கம்பனியின் 12 வீதமும் எல்லா மாதத்துக்கும் போயிருக்கிறதா என்று 31க்கு முன்னமே கேட்டுவிடுங்கள்.